பாட்டி வீட்டுப் படத்தில் இருப்பது எந்த அம்மன்?

"பெங்களூரு மல்லேஸ்வரத்தில் இருக்கிறோம். பாட்டி பூஜை செய்த பழைய படம் ஒன்று எங்களுக்கு வந்திருக்கிறது. உட்கார்ந்த கோலத்தில் ஓர் அம்மன், நாலு கை. அப்பா மகாலட்சுமி என்கிறார். அத்தை சாமுண்டி என்று அடித்துச் சொல்கிறார். பக்கத்து வீட்டு மாமி சாரதாம்பாள் என்கிறார். கீழே மூலையில் தடியோடு ஒரு சாமியார் வேறு. இரண்டு புகைப்படம் இணைத்திருக்கிறேன். யார் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?"

அம்மன் ராஜராஜேஸ்வரி. லலிதா, திரிபுரசுந்தரி என்றாலும் அவளேதான். சாமியார் பெரும்பாலும் ஆதிசங்கரர். ஆனால் அதில் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் எதைப் பார்த்து ஏமாறக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். முகத்தைப் பார்க்காதீர்கள். இந்த மாதிரிப் படங்களில் எல்லா அம்மனுக்கும் ஒரே வட்ட முகம், ஒரே மீன் கண். கிரீடம், ஒட்டியாணம், பட்டுப்புடவை எல்லாருக்கும் பொது. தாமரைப் பீடமும் அப்படித்தான். உங்கள் அப்பா மகாலட்சுமி என்று சொன்னது அந்தத் தாமரையை வைத்துத்தான் என்று நினைக்கிறேன். தாமரையில் யாரை வேண்டுமானாலும் உட்கார வைப்பார்கள், பிள்ளையாரைக்கூட. தாமரை கையில் இருந்தால்தான் கணக்கு. லட்சுமி என்றால் மேல் இரண்டு கைகளிலும் தாமரை இருக்கும், கீழ்க் கைகள் அபயமும் வரதமும் காட்டும். அதாவது, ஒன்று 'பயப்படாதே' என்று விரல்களை மேலே நிமிர்த்தி, இன்னொன்று 'வாங்கிக்கொள்' என்று கீழே தாழ்த்தி. உங்கள் படத்தில் இந்த இரண்டும் இல்லை.

ஆகவே கைகளுக்கு வாருங்கள். பொதுவாக முன்கைகள் இரண்டும் அருள் செய்கிற கைகள், எல்லாச் சாமியும் அதைச் செய்யும். ஆளை அடையாளம் காட்டுவது பின்கைகள்தான். பெருமாள் என்றால் சங்கு சக்கரம், சிவன் என்றால் மானும் மழுவும். ஆனால் உங்கள் படத்தில் முன்கைகளிலும் பொருள் இருக்கிறது. அபயமும் இல்லை, வரதமும் இல்லை. இதுவே பெரிய துப்பு. நாலு கையிலும் பொருள் பிடித்து, சாந்தமாக உட்கார்ந்திருக்கும் அம்மன்கள் அதிகம் கிடையாது.

பின்கைகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றில் சுருக்குக் கயிறு. அதுதான் பாசம். பழைய படங்களில் இது பாம்பு மாதிரித் தெரியும், சிலர் நாகம் என்றே முடிவு கட்டிவிடுவார்கள். தலையும் கண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கயிறு. இன்னொரு கையில் குட்டையான பிடி, நுனியில் ஒரு முள், பக்கவாட்டில் ஒரு கொக்கி. யானைப்பாகன் வைத்திருப்பானே, அந்த அங்குசம். பாசமும் அங்குசமும் மட்டும் இருந்தால் ஆளை முடிவு செய்ய முடியாது. பிள்ளையாருக்கும் அவை உண்டு, புவனேஸ்வரிக்கும் உண்டு. புவனேஸ்வரி என்றால் முன்கைகள் அபய வரதமாக இருக்கும். அங்கேதான் உங்கள் படம் பிரிகிறது.

இப்போது முன்கைகள். ஒரு கையில் நாலைந்து சிறு பூக்கள், கொத்தாக. நீங்கள் அவற்றை அலங்காரம் என்று நினைத்திருக்கலாம். அவை அம்புகள். இன்னொரு கையில் தோளில் சாய்ந்தபடி ஒரு நீண்ட கோல், பாதி நிறம் போயிருக்கிறது. அதன் நடுப்பகுதியைப் பாருங்கள். விரல் அகலத்துக்கு ஒன்றாகக் குறுக்கே மெல்லிய கோடுகள் தெரிகின்றன. உச்சியில், கிரீடத்துக்குப் பக்கத்தில், இரண்டு பச்சைக் கீற்றுகள் வளைந்து தொங்குகின்றன. கோடுகள் கணு, கீற்றுகள் தோகை. அது கரும்பு. சூலத்துக்குக் கணு கிடையாது, தண்டத்துக்குத் தோகை கிடையாது.

கரும்பு வில், மலர் அம்பு, பாசம், அங்குசம். இந்த நாலும் சேர்ந்தால் வேறு ஆளே இல்லை. கரும்பு வில்லும் மலர் அம்பும் மன்மதனுக்கும் உண்டு, ஆனால் அவன் ஆண், ஏறி வருவது கிளி. அபிராமி அந்தாதி தெரிந்தவர்களுக்கு இது மனப்பாடமான வரி: "பனிமலர்ப்பூங் கணையும் கருப்புச் சிலையும் மென் பாசாங்குசமும்". இங்கே ஒரு வேடிக்கை. இந்த வரியைப் பாடும் பலர் 'கருப்புச் சிலை' என்றதும் கறுப்பு நிற விக்கிரகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிலை என்றால் வில். கரும்பு என்பது வல்லெழுத்துக்கு முன் 'கருப்பு' என்று ஆகிறது. படத்திலிருக்கும் நாலு பொருளையும் ஒன்றுவிடாமல் அந்த வரி சொல்லிவிடுகிறது, முடிவில் "திரிபுர சுந்தரி" என்று பெயரையும் போட்டுவிடுகிறது. சௌந்தர்ய லஹரியின் ஏழாவது சுலோகத்திலும் இதே நாலுதான். ஓவியர்கள் இஷ்டத்துக்கு வரைவதில்லை. இப்படி ஒரு தியான சுலோகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வரைந்தார்கள். மைசூரில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் 19ஆம் நூற்றாண்டில் தொகுத்த ஸ்ரீதத்துவநிதி என்ற பெரிய தொகுப்பு முழுக்கவே இப்படித்தான். தெய்வத்தின் தியானம், பக்கத்தில் அதன் படம். அதன் ஒன்பது பகுதிகளில் முதலாவதே சக்திநிதி. நம் ஊர்ப் பக்கப் படங்களைப் படிக்க அதைவிட நல்ல அகராதி கிடையாது.

எந்தக் கையில் எது என்பதற்கும் ஒரு வழக்கம் உண்டு. அம்மனின் வலது பின்கையில் அங்குசம், இடது பின்கையில் பாசம். வலது முன்கையில் மலர்க்கணை, இடது முன்கையில் கரும்பு. வலது இடது என்பது அம்மனுக்கு, நமக்கு அல்ல. உங்கள் முதல் புகைப்படத்தில் கரும்பு அம்மனின் இடத் தோளில் இருக்கிறது, இரண்டாவதில் வலத் தோளில். பயப்பட வேண்டாம், இரண்டாவதை ஃபோனின் முன்பக்கக் கேமராவில் எடுத்திருப்பீர்கள், அது கண்ணாடி மாதிரித் திருப்பிக் காட்டிவிடும். ஆனால் நிஜமாகவே இடவலம் மாறிய பழைய படங்களும் உண்டு, முக்கியமாகக் கண்ணாடி ஓவியங்கள். கண்ணாடியின் பின்பக்கம் வரைந்து முன்பக்கம் பார்ப்பதால், மூலப் படத்தை அப்படியே நகல் எடுத்தால் எல்லாம் திரும்பிவிடும். அதனால் கை மாறியிருப்பதை மட்டும் வைத்து வேறு தெய்வம் என்று சொல்லிவிடக் கூடாது. பொருள்கள்தான் முதல் சாட்சி, பக்கம் இரண்டாம் சாட்சி.

சரி, காமாட்சிக்கும் இதே நாலுதானே என்று கேட்பீர்கள். ஆமாம். காஞ்சி காமாட்சிக்கும் பாசம், அங்குசம், கரும்பு வில், மலர்க்கணைதான். கைகளை வைத்து இருவரையும் பிரிக்க முடியாது. தத்துவத்தில் இருவரும் ஒன்றே என்பதால் ஓவியரும் பிரிக்க மெனக்கெடவில்லை. மதுரை மீனாட்சி என்றால் குழப்பமே வராது, இரண்டே கை, நின்ற கோலம், பூவில் கிளி. ராஜராஜேஸ்வரி என்று உங்கள் படத்துக்கு நான் பெயர் சொல்வது ஆசனத்தை வைத்து.

அந்த ஆசனத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். தாமரைக்குக் கீழே ஒரு கட்டில், கட்டிலின் கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்ன ஆட்கள். முன் இடது காலில் வெள்ளைத் தாடி, மூன்று முகம் தெரிகிறது, நாலாவது முகம் பின்னால் மறைந்திருக்கும். பிரம்மா. முன் வலது காலில் நீல உடம்பு, கையில் சங்கு சக்கரம். விஷ்ணு. பின்னால் இரண்டு ஜடாமுடிகள், தோள்வரைதான் தெரிகின்றன. அவர்கள் ருத்திரனும் ஈசுவரனும். கட்டில் பலகை மாதிரித் தாமரைக்கு அடியில் வெளுத்த ஒரு நீளம் தெரிகிறதே, அதை விரிப்பு என்று நினைத்திருப்பீர்கள். ஓர் ஓரத்தில் பாதமும் மறு ஓரத்தில் ஜடையும் இருக்கின்றன. படுத்திருக்கும் சதாசிவன் அது. நாலு பேர் கால்கள், ஒருவர் பலகை. சௌந்தர்ய லஹரியின் 92ஆவது சுலோகம் இந்தக் கட்டிலைத்தான் சொல்கிறது. இந்த ஐவரையும் ஆசனமாக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் ராஜராஜேஸ்வரி, சிம்மாசனேஸ்வரி. ராஜராஜேஸ்வரி நகர் வழியாகப் போகிறவர்கள் தினமும் உச்சரிக்கும் பெயரின் முழு அர்த்தமும் இந்தக் கட்டிலில் இருக்கிறது.

இரண்டு பக்கமும் சாமரம் வீசும் பெண்களும் ஒரு சாட்சி. அவர்கள் தலையைப் பாருங்கள், வெறும் கொண்டை இல்லை, சொந்தமாகக் கிரீடம் வைத்திருக்கிறார்கள். தோழிப் பெண் என்றால் கொண்டையோடு விட்டிருப்பார் ஓவியர். ஒருத்தி வெள்ளைப் புடவை, ஒருத்தி சிவப்பு. லலிதா சகஸ்ரநாமத்தில் 'சசாமர ரமா வாணீ ஸவ்ய தக்ஷிண ஸேவிதா' என்று ஒரு நாமம், லட்சுமியும் சரஸ்வதியும் இரு பக்கமும் சாமரம் வீச இருப்பவள் என்று. வெள்ளை சரஸ்வதி, சிவப்பு லட்சுமி. லட்சுமி பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருக்கும்போது நடுவில் இருப்பவள் லட்சுமியாக இருக்க முடியாது. அப்பாவிடம் இதை மட்டும் சொன்னால் போதும். இன்னொரு சுருக்கு வழியும் உண்டு. கிரீடத்தில் பிறைச் சந்திரன் இருக்கிறதா, நெற்றியில் மூன்றாம் கண் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் சிவன் வீட்டுப் பெண், விஷ்ணு வீட்டுப் பெண் அல்ல. உங்கள் படத்தில் பிறை இருக்கிறது, பொன் வேலைக்கு நடுவில் கீற்றாக.

அத்தைக்கும் மாமிக்கும் பதில் சுருக்கமாக. சாமுண்டி என்றால் மகிஷாசுரன் வேண்டும், சிங்கம் வேண்டும், சூலம் வேண்டும். சாமுண்டி மலையிலிருக்கும் மூலவருக்கே எட்டுக் கை. மைசூர்ப் பாணிப் படம் என்றால் சாமுண்டியாகத்தான் இருக்கும் என்று அத்தை நினைத்திருக்கலாம். சாரதாம்பாள் என்றால் புத்தகமும் ஜபமாலையும் இல்லாமல் இருக்காது. வீணை இருக்காது, ஆனால் அவை இரண்டும் கட்டாயம்.

ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. அல்சூரில் என் சித்தப்பா வீட்டில் இதே அம்மன் படம் ஒன்று இருந்தது. கண்ணாடி உடைந்ததென்று ஒரு ஃப்ரேம் கடையில் கொடுத்தார். கடைக்காரர் நல்ல மனதோடு 'கொஞ்சம் டச்சப்' செய்து கொடுத்தார். மங்கிப்போன அங்குசத்தை அவர் தாமரை மொட்டு என்று நினைத்துவிட்டார். ஒரு கையில் மொட்டு வந்தால் மறு கையிலும் வேண்டுமே, பாசமும் தாமரைக் கொடி ஆயிற்று. கரும்பு பச்சைத் தண்டாகிவிட்டது. அதற்கப்புறம் இருபது வருஷம் அந்தப் படத்துக்குச் சித்தி லட்சுமி அஷ்டோத்திரம்தான் சொன்னார். கட்டிலின் கால்களை மட்டும் கடைக்காரர் தொடவில்லை. லட்சுமி எதற்கு விஷ்ணுவின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறாள் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இந்த மாதிரி மேல்பூச்சை எப்படிக் கண்டுபிடிப்பது? அறை விளக்கை அணைத்துவிட்டு, ஃபோன் டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டில், பரப்பை ஒட்டினாற்போலப் பிடியுங்கள். தஞ்சாவூர்ப் படமாக இருந்தால் சுக்கான் பொடியைப் பசையில் குழைத்துத் தடிமனாகப் புடைப்பு வேலை செய்திருப்பார்கள், அதன்மேல் பொன் தகடு, இடையிடையே கல். மைசூர்ப் படத்தில் புடைப்பு மிக மெல்லியது, கல் அபூர்வம், வரைந்தது காகிதத்தின்மேல். பக்க வெளிச்சத்தில் புடைப்புகளின் நிழல் விழும். நிறம் ஒன்றைச் சொல்லி நிழல் வேறொன்றைச் சொன்னால், நிழலை நம்புங்கள். சித்தப்பா படத்தில் அங்குசத்துக்குப் பொன் வேலைப் புடைப்பு இருந்தது. மொட்டுக்கு அடியிலிருந்து கொக்கி எட்டிப் பார்த்தது. உங்கள் படத்தின் புடைப்பு மெல்லியதாகத்தான் தெரிகிறது. பின்னணியில் தூண்களும் மரமும் நுணுக்கமாக இருக்கின்றன. மைசூர்ப் பாணி என்றே சொல்வேன். அதில் ஒரு சங்கடம் உண்டு. கரும்பின் கணுக்களைப் புடைப்பில் செய்யாமல் மயிரிழைத் தூரிகையால் கோடாகப் போட்டிருப்பார்கள். முதலில் அழிவது அந்தக் கோடுகள்தான். உங்களுடையதில் நடுவில் மட்டுமாவது மிஞ்சியிருக்கிறது, அதிர்ஷ்டம்.

அழிந்தது எப்படி என்பதும் தெரிகிறது. கரும்பின் கீழ்ப்பகுதியில் ஒரு பக்கமாக இழுத்த மாதிரி வெளுத்திருக்கிறது. ஈரத் துணியால் துடைத்த தடம் அது. இந்த நிறங்கள் கோந்தில் குழைத்தவை, தண்ணீர் பட்டால் கரைந்து வந்துவிடும். ஆயுத பூஜைக்கு முதல் நாள் வீட்டைச் சுத்தம் செய்யும்போது எத்தனையோ படங்களின் ஆயுதங்கள் இப்படித்தான் போயிருக்கின்றன.

இப்போது மூலையில் இருக்கும் சாமியார். தெய்வங்களைவிட துறவிகளை அடையாளம் காண்பது கடினம், ஏனென்றால் அவர்களுக்கு இரண்டே கை, காவித் துணி, ஒரு தடி. எனவே தடியைத்தான் முதலில் எண்ண வேண்டும். மூன்று கோல்களைச் சேர்த்துக் கட்டியது என்றால் திரிதண்டம், ராமானுஜர் வழி. அவர்கள் குடுமியையும் பூணூலையும் விடுவதில்லை. ராமானுஜர் கைகூப்பியும் இருப்பார். உங்கள் படத்தில் ஒற்றைக் கோல்தான், தலை மழித்து காவித் துணியால் மூடியிருக்கிறது. ராமானுஜர் இல்லை.

ஆனால் ஒற்றைத் தண்டம் என்றவுடன் சங்கரர் என்று முடிவு கட்ட முடியாது. குறிப்பாகக் கர்நாடகத்தில் முடியாது. மத்வர் வழியினரும் ஒற்றைத் தண்டம்தான். பெங்களூருவில் ராகவேந்திரர் படத்தைப் பார்க்காமல் நாலு தெரு நடக்க முடியாது, அவரும் அந்த வழிதான். இங்கே கைவிரலும் நெற்றியும்தான் பேச வேண்டும். மத்வர் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நிமிர்த்தி இரண்டு என்று காட்டுவார். ஜீவன் வேறு, பரமாத்மா வேறு என்பது அந்த இரண்டு. சங்கரர் என்றால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வட்டமாகும் சின்முத்திரை. கொள்கையையே விரலில் வைத்துவிட்டார்கள். உங்கள் படத்தில் அவருடைய வலது கை மார்புக்கு நேராக இருக்கிறது, இரண்டு விரல் சேர்ந்திருப்பது போலத்தான் தெரிகிறது. ஆனால் நகம் அளவு கை அது, அங்கே வண்ணமும் உதிர்ந்திருக்கிறது. சத்தியம் செய்ய மாட்டேன். அவர் பக்கத்தில் சீடர்கள் நாலு பேர் இருந்திருந்தால் கேள்வியே இல்லை. பத்மபாதர், சுரேஸ்வரர், ஹஸ்தாமலகர், தோடகர் நால்வரும் சங்கரரோடுதான் வருவார்கள். இங்கே இவர் தனியாக இருக்கிறார்.

சங்கரர் பக்கம் நான் சாய்வதற்கு இன்னொரு காரணம், அவர் உட்கார்ந்திருக்கும் இடம். சௌந்தர்ய லஹரியைச் சங்கரர் பாடியது என்பது மரபு. அம்மனும் கட்டிலும் அந்தச் சுலோகங்களில் இருக்கிற மாதிரியே இருக்கும்போது, பாடியவரைக் காலடியில் வைப்பது ஓவியருக்கு இயல்பு. படம் செய்யச் சொன்ன குடும்பத்துக்காரரையும் இப்படி மூலையில் சிறிதாக வரைவது உண்டுதான். ஆனால் அப்படி இருந்தால் தலைப்பாகையோ வேட்டி அங்கவஸ்திரமோ இருக்கும், கை கூப்பியிருக்கும். காவியும் தண்டமும் இருக்காது. குடும்பம் சேர்ந்த மடத்தின் சுவாமிகள் யாராவது இருக்கலாமா என்றால், இருக்கலாம். அந்தச் சந்தேகத்தைத்தான் முதலில் சொன்னேன்.

தீர்த்துவைக்கக்கூடியது நெற்றி. மூன்று பட்டை விபூதி என்றால் சங்கரரோ அந்த மரபுச் சுவாமிகளோதான். செங்குத்தான கோபிசந்தன நாமம், நடுவில் கரிக்கோடு என்றால் நான் சொன்னது தப்பு, மத்வ மரபு. ஆனால் உங்கள் புகைப்படத்தில் நெற்றி இருக்கும் இடத்தில் கெட்டியாக ஒரு சந்தனப் பொட்டும் அதன்மேல் குங்குமமும்தான் தெரிகின்றன. உங்கள் பாட்டி வெள்ளிக்கிழமைதோறும் அம்மனுக்கு வைத்த கையோடு இவருக்கும் வைத்திருக்கிறார், வருஷக்கணக்கில். அடியில் என்ன கோடு இருக்கிறது என்பது அந்தப் பொட்டுக்குத்தான் தெரியும்.

டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, பொட்டின் இரண்டு ஓரங்களையும் மட்டும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். பட்டை என்றால் அது நெற்றியின் முழு அகலத்துக்கும் ஓடும், பொட்டுக்கு வெளியே இரு பக்கமும் கோட்டின் நுனிகள் மிஞ்சியிருக்க வேண்டும். நாமம் என்றால் ஓரங்களில் ஒன்றும் இருக்காது, மேலே மயிர்க்கோட்டுப் பக்கம்தான் தேட வேண்டும். குமார க்ருபா சாலையில் சித்ரகலா பரிஷத்தில் பழைய மைசூர்ப் படங்களுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. போகும்போது உங்கள் புகைப்படத்தையும் எடுத்துக்கொண்டு போய் நெற்றிகளை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள், அரை மணி நேரத்தில் கண் பழகிவிடும். பொட்டைத் தண்ணீரோ எண்ணெயோ வைத்து எடுத்துப் பார்க்கலாம் என்று வீட்டில் யாராவது கிளம்பினால், படத்தைத் தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். பொட்டு வரும்போது நெற்றியும் சேர்ந்து வந்துவிடும்.